சென்சார் ஒட்டிய முதல் ராத்திரி லோ காட்டுகிறது, கழற்றினால் தோலெல்லாம் தடிப்பு. அடுத்ததை எங்கே ஒட்டுவது?

செல்வி_கோவை

வணக்கம். மகளுக்கு 9 வயது, டைப் 1 சர்க்கரை நோய். சர்க்கரை அளவைப் போனில் பார்க்க, சில மாதமாக மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிற 14 நாள் சென்சார் போடுகிறோம். இரண்டு பிரச்சினை.

முதலாவது, புதுசு ஒட்டின அன்று ராத்திரி. போன முறை ஒன்பது மணிக்கு, அவள் தூங்கப் போகும் முன் ஒட்டினேன். பத்து மணிக்கு அளவு வர ஆரம்பித்தது. ராத்திரி ஒரு மணிக்கு அலாரம். போனில் 62. விரலில் குத்திப் பார்த்தால் 118. திரும்ப மூன்று மணிக்கு அலாரம், போனில் 66, விரலில் 121. விடிகிற வரைக்கும் யாரும் தூங்கவில்லை. ஒரு மணி நேர வார்ம்-அப் முடிந்த பிறகும் ஏன் இப்படி?

இரண்டாவது, தோல். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு சென்சாரில் எட்டாம் நாள் வாக்கில் அரிப்பு என்றாள். அடுத்ததில் நாலாம் நாளே. இந்த முறை இரண்டாம் நாளே சொறிய ஆரம்பித்துவிட்டாள். இடது கை, வலது கை என்று மாற்றித்தான் ஒட்டுகிறேன். இப்போது இரண்டு கையிலும் தடம் இருக்கிறது. அடுத்ததை எங்கே ஒட்டுவது?

ஓய்வூதியர்_திருச்சி

அம்மா, வார்ம்-அப் செய்தால் சர்க்கரை குறையத்தான் செய்யும். நான் காலையில் வாக்கிங் போவதற்கு முன் பத்து நிமிடம் கை கால் ஆட்டுவேன், 140 இருந்தது 120-க்கு வந்துவிடும். குழந்தை ராத்திரி விளையாடிவிட்டுப் படுத்ததா? படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடுத்துப் பாருங்கள். எனக்கு டைப் 2, மாத்திரை மட்டும்தான். மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு சென்சார் வாங்கி வந்தான், இட்லிக்கு 190, கம்பங்கூழுக்கு 160 என்று காட்டியது.

செல்வி_கோவை

ஐயா, உடற்பயிற்சி வார்ம்-அப் இல்லை. சென்சார் ஒட்டினதும் அளவு காட்டாமல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுமே, அதைத்தான் சொன்னேன்.

மெடிக்கல்_கடை_ராஜா

அக்கா, நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன், இந்தச் சென்சார் மாதம் ஏழெட்டு விற்கிறது. முதல் நாள் அளவை நம்பவே கூடாது, எல்லா கஸ்டமருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பழைய சென்சார் முடிய ஒரு நாள் இருக்கும்போதே புதுசை அடுத்த கையில் ஒட்டிவிடுங்கள், ஆனால் போனில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு நாள் அது சதைக்குள் ஊறட்டும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் முதல் மணியிலிருந்தே சரியாகக் காட்டும். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

அரிப்புக்கு, ஒட்டும் முன் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு ஒட்டுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு எல்லாருக்கும் வேர்க்குரு மாதிரி வருகிறதுதான், பயப்படாதீர்கள்.

லதா_நர்ஸ்_மதுரை

செல்வி, நான் சர்க்கரை நோய் கிளினிக்கில் நர்ஸ். சென்சார் ஒட்டிவிடுவதும் கற்றுக்கொடுப்பதும்தான் என் வேலை. இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வார்ம்-அப் என்று கம்பெனி சொல்லும் நேரம், சென்சார் அளவு காட்ட ஆரம்பிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். உடம்பு அடங்கி முடிக்கிற நேரம் அது இல்லை. அப்ளிகேட்டரை அமுக்கும்போது ஊசி உள்ளே போய், ஒரு மெல்லிய இழையை விட்டுவிட்டு வெளியே வருகிறது. அந்த இழை தோலுக்கு அடியில் சுமார் 5 மி.மீ. இருக்கும். அது நனைந்து, அதில் ஓடுகிற மின்னோட்டம் ஒரு நிலைக்கு வர வேண்டும். இது சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஊசி போன வழியில் ஒரு சின்னக் காயம் இருக்கிறதே, அங்கே துளி ரத்தம் கசிந்திருக்கும், வீக்கம் வரும், காயத்தை ஆற்ற வந்த செல்கள் அந்த இடத்துச் சர்க்கரையைத் தின்னும். அதனால் இழையைச் சுற்றியுள்ள நீரில் சர்க்கரை குறைவாக இருக்கும், ரத்தத்தில் சரியாகவே இருக்கும். உங்கள் 62-க்கும் 118-க்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.

ஒரு விஷயம் சொன்னால் புரியும். லிப்ரே என்ற சென்சார் 2017-ல் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே 12 மணி நேரம் வார்ம்-அப். அதே சமயம் ஐரோப்பாவில் ஒரு மணி நேரம். 2018-ல் அமெரிக்காவிலும் ஒரு மணி நேரம் ஆக்கினார்கள், ஆனால் முதல் 12 மணி நேரத்துக்கு விரலில் குத்திப் பார் என்று ஒரு அடையாளம் திரையில் வரும்படி வைத்தார்கள். எவ்வளவு நேரம் அளவை மறைத்து வைப்பது, எவ்வளவு நேரம் காட்டிவிட்டு எச்சரிப்பது என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்தது. காயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இப்போது கிராஃபைப் பாருங்கள். ராத்திரி லோ இரண்டு விதமாக வரும். கோடு முழுக்க ஒரே அளவு கீழே இறங்கி, ஏற்ற இறக்கம் மட்டும் சரியாக இருந்தால் அது முதல் நாள் கோளாறு. உங்களுக்கு இரண்டு முறையும் ஏறக்குறைய 55 வித்தியாசம், அதனால் இதுவாகத்தான் தெரிகிறது. அப்படி இல்லாமல் நேராகப் போன கோடு திடீரென்று கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் மேலே வந்தால் குழந்தை அந்தக் கை மேல் படுத்திருக்கிறாள் என்று அர்த்தம். அழுத்தினால் அங்கே நீரோட்டம் குறைந்து பொய்யான லோ வரும். புரட்டிப் படுக்க வைத்தால் ஏறிவிடும். இது முதல் நாள் மட்டும் இல்லை, எந்த நாளும் வரும்.

எது எப்படியானாலும் போனில் 70-க்குக் கீழே வந்தால் விரலில் குத்திப் பார்ப்பதை விடாதீர்கள். ஸ்ட்ரிப் கையில் இல்லை, குழந்தைக்கு வேர்க்கிறது, நடுங்குகிறது என்றால் கோடு பொய்யா நிஜமா என்று யோசிக்காமல் சர்க்கரை கொடுத்துவிடுங்கள்.

தூங்கப் போகும் நேரத்தில் ஒட்டுவதை மாற்றினாலே பாதி பிரச்சினை தீரும். சனிக்கிழமை காலை, பள்ளி இல்லாத நாள், சர்க்கரை நிதானமாக இருக்கும் நேரத்தில் ஒட்டுங்கள். மோசமான நேரம் எல்லாம் நீங்கள் விழித்திருக்கும்போதே கழிந்துவிடும்.

தோல் பற்றி எழுதும் முன் ஒரு கேள்வி. கழற்றின பிறகு சிவப்பு எங்கே நிற்கிறது? ஸ்டிக்கரின் வட்டத்துக்குள்ளேயா, வெளியேயும் போயிருக்கிறதா? எத்தனை நாளில் மறைகிறது?

செல்வி_கோவை

ரொம்ப நன்றி மேடம். போன முறை கழற்றினதும் பார்த்தேன், வட்டம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சிவப்பு அதைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குப் போயிருந்தது. விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு நீர்க் கொப்புளங்கள், வரிசையாக. இரண்டு கொப்புளம் சொறிந்ததில் உடைந்து தண்ணீர் வந்தது. நடுவில் இழை போன இடம் மட்டும் சாதாரணமாக இருந்தது. கழற்றி ஒரு வாரம் ஆகியும் அரிப்பு போகவில்லை. இப்போது அந்த இடம் காய்ந்து கறுத்து, சொரசொரப்பாக இருக்கிறது.

லதா_நர்ஸ்_மதுரை

அப்படியானால் இது வேர்க்குரு இல்லை, ராஜா தம்பி.

ஒட்டு உறுத்துவதால் வரும் சிவப்பு ஸ்டிக்கரின் உருவத்திலேயே நிற்கும். எரிச்சல்தான் அதிகம், அரிப்பு குறைவு. கழற்றினால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். அடுத்த சென்சாரில் வந்தாலும் அதே மாதிரி, அதே அளவில்தான் வரும். வியர்வை உள்ளே தங்குவது, ஸ்பிரிட் காயும் முன் ஒட்டுவது, கழற்றும்போது வெடுக்கென்று பிய்ப்பது, இவைதான் காரணமாக இருக்கும்.

நீங்கள் சொல்வது வேறு. கோட்டைத் தாண்டுகிறது, கொப்புளம் வருகிறது, கழற்றியும் போகவில்லை. எல்லாவற்றையும்விட எட்டாம் நாள், நாலாம் நாள், இரண்டாம் நாள் என்று ஒவ்வொரு முறையும் முந்தி வருகிறது. உடம்பு அந்தப் பொருளை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக எதிர்க்கிறது. இது பசை அலர்ஜி மாதிரிதான் தெரிகிறது. படம் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்ல முடியாது, தோல் டாக்டர் பார்க்க வேண்டும்.

அதனால்தான் ராஜா சொன்ன யோசனை உங்கள் வீட்டுக்குச் சரிவராது. ஒரு நாள் முன்பே ஒட்டி ஊற வைப்பது முதல் நாள் அளவுக்கு உதவலாம், பலர் செய்கிறார்கள், கம்பெனி வழிமுறையில் இல்லை. ஆனால் பசை படுகிற நேரம் அதில் ஒரு நாள் கூடுகிறது, அதுவும் இரண்டு கையிலும் ஒரே சமயத்தில். அலர்ஜி இருக்கிற தோலுக்கு அது வேண்டாம்.

எண்ணெயும் ஒட்டும் முன் வேண்டாம், ஒட்டவே ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உண்டென்றால் சென்சார் மாற்றுவதை அந்த நாளில் வைக்காதீர்கள். சோப்பு போட்டுக் குளித்தாலும் தோலில் ஒரு வழுவழுப்பு நிற்கும். கழற்றும்போது மட்டும் எண்ணெய் நல்லது. விளிம்பைச் சுற்றித் தேய்த்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, தோலோடு படுத்த மாதிரி மெதுவாக மடித்து உரியுங்கள்.

மெடிக்கல்_கடை_ராஜா

சரி மேடம், கழற்ற எண்ணெய் என்று சொல்ல வந்ததைத்தான் மாற்றிச் சொன்னேனோ என்னவோ. ஆனால் ஊற வைக்கும் விஷயத்தில் நான் சொன்னது தப்பில்லை. என் கஸ்டமர்கள் பத்துப் பேராவது செய்கிறார்கள், முதல் நாள் ஸ்ட்ரிப் செலவு மிச்சம்.

கனடா_சிவா

ராஜா சொல்வது எல்லா சென்சாருக்கும் பொருந்தாது. போனில் ஸ்டார்ட் செய்தால்தான் கணக்கு ஓட ஆரம்பிக்கிற வகைக்குச் சரி. நான் போடுவது டெக்ஸ்காம் ஜி7. அதில் ஒட்டின நொடியே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், அரை மணியில் வார்ம்-அப் முடியும். முன்கூட்டி ஒட்டினால் அந்த நேரம் 10 நாளில் கழிந்துவிடும். அதற்குப் பதில் 10 நாள் முடிந்த பிறகு 12 மணி நேரம் சலுகை உண்டு. அந்த நேரத்தில் புதியதை ஒட்டிவிட்டு, பழையதில் அளவு பார்த்துக்கொண்டே இருப்பேன்.

செல்வி அக்கா, எனக்கும் அலர்ஜி வந்தது. தோலில் நேரே படாமல் அடியில் ஒரு ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் சென்சார் போடுகிறேன். அதற்கும் முன் மூக்குக்கு அடிக்கிற ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயைத் தோலில் இரண்டு முறை அடித்துக் காயவிடுவேன். இங்கே பலர் செய்கிறார்கள். எனக்கு அரிப்பு முக்கால்வாசி போய்விட்டது. பிள்ளைக்கும் செய்து பாருங்கோ.

லதா_நர்ஸ்_மதுரை

சிவா, ஸ்ப்ரே சிலருக்கு வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் அது ஸ்டீராய்டு. மேலே சென்சார் மூடிக்கொள்வதால் தோலுக்குள் இன்னும் நன்றாக இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே கை, வருடக்கணக்கில் என்றால் 9 வயதுத் தோல் மெலிந்து போகுமா என்பது என் கவலை. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் செய்யட்டும், நாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஹைட்ரோகொலாய்டு யோசனை நல்லது, செய்யும் விதத்தில்தான் சிக்கல். அது தடிமனான பிளாஸ்டர். அதைத் துளைத்துக்கொண்டு ஊசி போனால், 5 மி.மீ. இழையில் கொஞ்சம் பிளாஸ்டரிலேயே நின்றுவிடும். தோலுக்குள் மேலோட்டமாக நின்றால் அளவு தப்பும், சீக்கிரம் வெளியே வந்தும் விடும். அதனால் பிளாஸ்டரின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்கு நேராக அப்ளிகேட்டரை வைத்து அமுக்க வேண்டும். ஓட்டை பெரிதானால் அந்த வழியாகப் பசை தோலைத் தொடும், சிறிதானால் ஊசி விளிம்பில் இடிக்கும். முதலில் ஒரு காகிதத்தில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டரைச் சென்சாரைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்குங்கள். கூரான மூலைதான் முதலில் எழும்பும்.

இன்னொன்று. அலர்ஜி கொடுக்கிற பொருள் ஸ்டிக்கரில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2017-ல் பெல்ஜியம், ஸ்வீடன் தோல் மருத்துவர்கள் லிப்ரே போட்டவர்களைச் சோதித்தபோது ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற பொருளுக்கு அலர்ஜி இருந்தது. அது பிளாஸ்டிக் கூட்டின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்து ஒட்டுகிற பசையில் இருந்தது. அங்கிருந்து மெல்லக் கசிந்து ஸ்டிக்கர் வழியாகத் தோலுக்கு வந்திருக்கிறது. 2020-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று அதை அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருளாகவே அறிவித்தது. பிறகு வந்த சில மாடல்களில் அது இல்லை என்று சோதனைகள் சொல்கின்றன. உங்கள் மகளுக்கு அதுதானா, வேறு ஏதாவதா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. இந்தச் சின்ன மூலக்கூறுகள் தடுப்பு பிளாஸ்டரையும் நாளடைவில் கடந்து வரலாம். அதனால்தான் சிலருக்குப் பிளாஸ்டர் போட்டால் அரிப்பு வராமல் போவதில்லை, தள்ளித்தான் போகிறது.

செல்வி_கோவை

இது எல்லாம் தெரியவே தெரியாது மேடம். தோல் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? அவர் சென்சாரைப் பார்த்திருப்பாரா என்றே சந்தேகம்.

இடம் விஷயமும் சொல்லுங்கள். அவள் ஒல்லி. கையில் சதை இருப்பதே கொஞ்சம். ராத்திரி இன்சுலினும் சில நாள் கையிலேதான் போடுகிறோம். வயிற்றில் சென்சார் ஒட்டலாமா?

லதா_நர்ஸ்_மதுரை

இடத்தை முதலில் சொல்கிறேன். கை மாற்றினால் போதும் என்று நினைத்து எல்லாரும் இரண்டு கையிலும் ஒரே புள்ளியில் ஒட்டுவார்கள். மாதம் ஒரு முறை அதே காசளவு இடத்துக்குத் திரும்பி வந்தால் ஆறாத தோல் மேல்தான் ஒட்டுகிறோம். ஒவ்வொரு கையிலும் பின்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ் என்று சுற்றினால் ஒரு இடத்துக்குத் திரும்ப எட்டு வாரம் ஆகும். காலண்டரில் எழுதி வைத்தால் குழப்பம் வராது. இப்போது கறுத்திருக்கிற இடங்களை, சொரசொரப்பு முழுக்கப் போகிற வரைக்கும் தொடவே வேண்டாம்.

இன்சுலினைக் கையிலிருந்து வயிற்றுக்கும் தொடைக்கும் மாற்றிவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சென்சாருக்கும் ஊசி போடும் இடத்துக்கும் குறைந்தது 2.5 செ.மீ. இருக்க வேண்டும், ஒல்லியான கையில் அதற்கே இடம் போதாது. அதோடு, திரும்பத் திரும்ப இன்சுலின் போட்ட இடத்தில் சதை கட்டியாகித் திரண்டிருக்கும். விரலால் தடவினால் பக்கத்துச் சதையைவிடக் கெட்டியாகத் தெரியும். அதன் மேல் ஒட்டினால் அளவு தடுமாறும்.

உங்களுடைய வகை மேல்கைக்கென்றே சோதித்து அனுமதி வாங்கினது. பெல்ஜியத்தில் பெரியவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் ஒட்டிப் பார்த்தார்கள். தொடை கையோடு ஒத்துப்போனது, வயிறு பின்தங்கியது. ஆனால் குழந்தைக்கு, டாக்டருக்குத் தெரியாமல், அலாரத்தை நம்பி இருக்கும் வீட்டில் இடம் மாற்றாதீர்கள்.

தோல் டாக்டரிடம் சென்சாரின் காலிப் பெட்டியையும், கழற்றிய சென்சாரையும், கொப்புளம் இருந்தபோது எடுத்த போட்டோவையும் கொண்டு போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமான வரிசையில் அக்ரிலேட்டுகள் எல்லாம் இருக்காது, ஐசோபார்னைல் அக்ரிலேட் பெரும்பாலும் தனியாக வரவழைக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்காமல் சோதித்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் அதை நம்பி அதே சென்சாரைத் தொடர்வீர்கள்.

கனடா_சிவா

என் டாக்டரும் ஐசோபார்னைல் தனியாகத் தருவித்துத்தான் சோதித்தார். ஸ்ப்ரே பற்றி நர்ஸ் அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் எனக்கு இதுவரை தோல் மெலியவில்லை. மாற்று இல்லாதபோது என்ன செய்வது? சென்சார் இல்லாமல் ராத்திரி படுக்க எனக்குப் பயம். இங்கே 4-க்குக் கீழே போனாலே எனக்குத் தெரியாது, உங்கள் கணக்கில் 72.

ஓய்வூதியர்_திருச்சி

நர்ஸம்மா, எனக்கு ஒரு சந்தேகம். நான் தினமும் வைட்டமின் சி மாத்திரை போடுகிறேன். அதனால்தான் கம்பங்கூழுக்கே 160 காட்டியதா?

லதா_நர்ஸ்_மதுரை

ஐயா, லிப்ரே வகையில் வைட்டமின் சி அதிகமானால் அளவு கூடுதலாகக் காட்டும். லிப்ரே 2-க்கு ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் மாத்திரை எத்தனை மி.கி. என்று அட்டையைப் பாருங்கள். கூழும் சர்க்கரையை ஏற்றும்தான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சிவா, சென்சாரை நிறுத்தச் சொல்லவில்லை. வேறு பசை, வேறு கூடு உள்ள மாடலுக்கு மாறுவது ஒரு வழி. ஆனால் அதிலும் அலர்ஜி வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

செல்வி_கோவை

பேட்ச் டெஸ்டுக்கு நேரம் வாங்கிவிட்டேன். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து ஒரு முறை, 96 மணி நேரம் கழித்து ஒரு முறை பார்ப்பார்களாம். அதுவரைக்கும் முதுகு நனையக் கூடாது, வேர்க்க விளையாடவும் கூடாது என்றார்கள். பள்ளியில் அடுத்த வாரம் விளையாட்டு விழா, அவள் ஓட்டத்தில் பெயர் கொடுத்திருக்கிறாள், அதனால் அதற்கடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டிருக்கிறோம். அதுவரைக்கும் சென்சார் இல்லாமல் விரலில் குத்தித்தான் பார்க்கப் போகிறோம். கை அரிப்புக்கு முதலில் வாங்கின கிரீம் ஒன்று மீதி இருக்கிறது, அதைத் தடவலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

லதா_நர்ஸ்_மதுரை

டியூபில் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று எழுதுங்கள். ஸ்டீராய்டு கிரீம் என்றால் டெஸ்ட் ஒட்டப்போகிற முதுகில் படவே கூடாது, விடை மறைந்துவிடும். கையில் தடவலாமா, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை நேரம் கொடுத்த அந்த டாக்டரிடமே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.